கொசுவலைக் கம்பும் ஒரு சாண் தூரமும்: வீட்டுப் படுக்கையறையிலேயே தெளிவாகக் குரல் பதிவு செய்ய

போன ஆடியில் என் அத்தை மகன் ஒரு வீடியோ எடுத்தான். திருவையாறு புஷ்ய மண்டபப் படித்துறையில் பதினெட்டாம் பெருக்கு, காப்பரிசி, கருகமணி, காதோலை, பிள்ளைகள் இழுத்துவரும் சப்பரம் எல்லாம் அதில் இருந்தது. படம் நன்றாக வந்துவிட்டது, பின்னணியில் எட்டு நிமிடம் பேச ஆள் வேண்டும் என்று என்னிடம் வந்தான். நானும் மின்விசிறியை நிறுத்தி, கதவைச் சாத்தி, மேசைமேல் போனை வைத்துப் பேசி அனுப்பினேன். அரை மணி நேரத்தில் பதில் வந்தது: "மச்சான், கெணத்துக்குள்ள உக்காந்து பேசுன மாதிரி இருக்கு."

கேட்டுப் பார்த்தேன், அவன் சொன்னது சரிதான். அன்றிலிருந்து மூன்று ராத்திரி அந்த அறையில் எதையெதையோ செய்து பார்த்து, கடைசியில் அதே போனில், ஒரு ரூபாய் செலவில்லாமல், அவன் வாய் அடைக்கிற மாதிரி ஒரு பதிவு வந்தது. அதை எப்படிச் செய்தேன் என்பதுதான் இது. மைக் எதுவும் வாங்கவில்லை. உங்களிடம் சட்டையில் மாட்டும் சின்ன மைக் இருந்தாலும் கீழே சொல்வதில் பெரும்பாலானது பொருந்தும்.

## முதலில் நோய் எது என்று பாருங்கள்

கெட்டுப்போன பதிவில் இரண்டு தனித்தனிக் கோளாறுகள் இருக்கும், பலரும் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று இரைச்சல்: மின்விசிறி, பிரிட்ஜ், தெருவில் போகும் பஸ், வயலில் ஓடும் மோட்டார். இன்னொன்று எதிரொலி: உங்கள் குரலே சுவரில் பட்டுத் திரும்பி, கொஞ்சம் தாமதமாக மைக்குக்குள் மறுபடி நுழைவது. கிணற்றுக்குள் பேசிய மாதிரி இருப்பதற்குக் காரணம் இரண்டாவது.

இதைப் பிரித்துத் தெரிந்துகொள்வது ஏன் முக்கியம் என்றால், ஒரே அளவில் தொடர்ந்து ஓடும் இரைச்சலைப் பிறகு கணினியில் ஓரளவு குறைத்துவிடலாம், எதிரொலியை அவ்வளவு சுலபமாக எடுக்க முடியாது. அது குரலோடு குரலாக ஒட்டிக்கொண்டு வருகிறது, ஒவ்வொரு சொல்லின் வாலும் அடுத்த சொல்லின் தலைமேல் ஏறி நிற்கிறது. அதனால் நேரத்தையும் உழைப்பையும் எதிரொலிக்குத்தான் கொடுக்க வேண்டும்.

சோதனை சுலபம். அறையின் நடுவில் நின்று ஒரே ஒரு தட்டு கை தட்டுங்கள். தட்டியதோடு சத்தம் நின்றால் நல்ல அறை. 'டிங்' என்று உலோகம் அதிர்கிற மாதிரி ஒரு வால் வந்தால், எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே சத்தம் பந்து மாதிரி போய்வருகிறது என்று அர்த்தம். இன்னும் துல்லியமாகப் பார்க்க, போனில் பதிவு போட்டுக்கொண்டு 'டக்' என்று சொல்லிச் சட்டென்று வாயை மூடுங்கள். பிறகு இயர்போன் மாட்டி, ஒலியை நன்றாக ஏற்றி, அந்த 'க்'குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். என் முதல் பதிவில் அந்த 'க்' கூடம் வரைக்கும் நடந்து போய்விட்டு வந்தது.

நம் பக்கத்து வீடுகள் இதற்கென்றே கட்டிய மாதிரி இருக்கும். சிமெண்டுத் தரை அல்லது டைல்ஸ், பூச்சுச் சுவர், மேலே கான்கிரீட் தளம், அறையில் ஒரு கட்டில், ஒரு இரும்பு பீரோ, அவ்வளவுதான். என் அறை பத்துக்குப் பன்னிரண்டு அடி, அதில் மெத்தையைத் தவிர மெத்தென்று ஒரு பொருள் கிடையாது. இதே வீட்டில் நெல் மூட்டை அடுக்கியிருக்கும் உள்ளறையில் கை தட்டினால் சத்தம் செத்து விழுகிறது. சாக்கும் நெல்லும் குடித்துவிடுகின்றன. அங்கேயே பதிவு செய்யலாம் என்று ஒரு நாள் போனேன், எலிகள் ஒத்துழைக்கவில்லை.

## பீரோவுக்குள் தலையை விடாதீர்கள்

'அலமாரிக்குள் உட்கார்ந்து பேசு, ஸ்டுடியோ மாதிரி வரும்' என்று வீடியோக்களில் சொல்வார்கள். அவர்கள் சொல்வது ஆள் நுழைகிற அளவுள்ள, இரண்டு பக்கமும் துணி தொங்குகிற தனி அறை. நம் வீட்டில் அலமாரி என்றால் இரண்டில் ஒன்று: இரும்பு பீரோ, இல்லையென்றால் சுவரில் கடப்பைக் கல் பலகை வைத்துக் கட்டியது.

இரும்பு பீரோவை நான் முயன்று பார்த்துவிட்டேன். கதவைத் திறந்து, புடவை அடுக்குக்கு எதிரே போனை வைத்து, தலையை உள்ளே விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது அம்மா வந்து, "ஏண்டா, பீரோவுக்குள்ள யாருகிட்டடா பேசுற?" என்று கேட்டது மட்டும்தான் பதிவில் தெளிவாக இருந்தது. தகடு அதிர்கிறது. குரல் தாழும் ஒவ்வொரு இடத்திலும் கதவு 'ங்ங்' என்று கூடவே முனகுகிறது. கதவில் கண்ணாடி பதித்த பீரோ என்றால் கேட்கவே வேண்டாம்.

சுவர் அலமாரி பரவாயில்லை, ஆனால் அதற்கும் ஒரு கண்டம் உண்டு. நெருக்கமாக எதிரெதிரே நிற்கும் இரண்டு கெட்டியான பக்கங்கள், அவற்றுக்கு இடையிலான அகலத்தைப் பொறுத்து ஒரு குறிப்பிட்ட சுருதியைத் தூக்கிவிடும். சத்தம் ஒரு நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் போகிறது. அலமாரியின் அகலம் மூன்றரை அடி, அதாவது கிட்டத்தட்ட 1.07 மீட்டர் என்றால், 343-ஐ அதன் இரண்டு மடங்கால் வகுத்தால் 160 ஹெர்ட்ஸ் வருகிறது. ஆண்குரல் ஏறி இறங்கும் எல்லைக்குள்ளேயே இது விழுகிறது, பெண்குரலின் அடிப்பக்கத்துக்கும் பக்கம்தான். அதனால்தான் காலி அலமாரிக்குள் பேசினால் குடத்துக்குள் பேசுகிற மாதிரி ஒரு கும்மென்ற ஒலி. இந்தத் தாழ்ந்த ஒலியை மெல்லிய துணி தடுக்காது. மெல்லிய துணி கூர்மையான ஒலியைத்தான் குடிக்கும், அடித்தொனி அதை ஊடுருவிப் போய்ச் சுவரில் பட்டுத் திரும்பும்.

அலமாரியைத்தான் பயன்படுத்துவேன் என்றால் இப்படிச் செய்யுங்கள். முகம் இருக்கும் உயரத்துப் பலகையில் உள்ளதை எடுத்துவிட்டு, பின் சுவரையும் இரண்டு பக்கத்தையும் மடித்த போர்வை, புடவைக் கட்டு, தலையணை வைத்து நாலு விரல் கனமாவது வருகிற மாதிரி அடையுங்கள். கீழே உள்ள கடப்பைக் கல்லின்மேல் மடித்த துண்டு அவசியம், வாய்க்குக் கீழே இருக்கும் வழவழப்பான கல்தான் முதலில் குரலைத் திருப்பி அடிப்பது. போன் துணிக்குள் புதைந்து போகாமல் விளிம்புக்கு அருகில் இருக்கட்டும். நீங்கள் வெளியே நின்று, உள்ளே பார்த்துப் பேசுங்கள். அப்புறம் முதுகுக்குப் பின்னால் ஒரு கனத்த போர்வையைக் கட்டாயம் தொங்கவிடுங்கள். போன் மைக் எல்லாத் திசையிலிருந்தும் கேட்கும், உங்கள் தலையைச் சுற்றிப் பின் சுவரில் பட்டுவரும் ஒலியையும் சேர்த்துத்தான். இந்தப் பின் போர்வையைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

## கொசுவலைக் கம்பு

எனக்குச் சரியாக வந்தது அலமாரி இல்லை, கட்டில். டெல்டாவில் கொசுவலை இல்லாத வீடு அபூர்வம், கட்டிலின் நாலு மூலையிலும் கம்பு தயாராக நிற்கிறது. வலையை அவிழ்த்துவிட்டு அந்தக் கம்புகளுக்கு நடுவே கெட்டியாகக் கயிறு கட்டினேன். தலைமாட்டுப் பக்கமும் அதை ஒட்டிய இரண்டு பக்கமும் கம்பளியும் ஜமக்காளமும் தொங்கவிட்டேன். மேலே, கூரை மாதிரி, இரட்டையாக மடித்த ஒரு போர்வை. கீழே மெத்தை ஏற்கெனவே இருக்கிறது. கால்மாட்டுப் பக்கம் மட்டும் திறப்பு, அதற்கு எதிரே உள்ள சுவரில் இன்னொரு இலவம்பஞ்சு மெத்தையை நிமிர்த்திச் சாத்தி வைத்தேன். உள்ளே தலைமாட்டைப் பார்த்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்து 'டக்' என்று சொன்னேன், 'டக்' அங்கேயே நின்றது.

போர்வையைச் சுவரில் ஒட்டினாற்போல் தொங்கவிடுவதைவிட ஒரு சாண் இடைவெளி விட்டுத் தொங்கவிட்டால் அதே போர்வை தாழ்ந்த ஒலியையும் கூடக் கொஞ்சம் பிடிக்கும். சுவரை ஒட்டிய இடத்தில் காற்று அசைவதில்லை, கொஞ்சம் தள்ளித்தான் அசைகிறது, அந்த அசைவைத் துணி உரசி நிறுத்துகிறது. கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு சாண் நகர்த்தினாலே இது தானாக நடந்துவிடும்.

எது வேலை செய்யாது என்றும் சொல்லிவிடுகிறேன். முட்டை அட்டையைச் சுவர் முழுக்க ஒட்டுவார்கள், அது மெல்லிய அட்டை, குரலின் பெரும்பகுதியை அப்படியே விட்டுவிடும். தெர்மாகோல் இன்னும் மோசம். பார்க்க மெத்தென்று இருந்தாலும் அதன் துளைகள் மூடியவை, காற்று உள்ளே போகாது, ஒலியைத் திருப்பிவிடும். ஒரு பொருளின்மேல் வாய் வைத்து ஊதினால் மூச்சு சிரமப்பட்டாவது மறுபக்கம் போக வேண்டும், அதோடு அது கனமாகவும் இருக்க வேண்டும். இந்த இரண்டும் இருந்தால் போதும். கம்பளி, ரஜாய், பழைய பஞ்சு மெத்தை எல்லாம் இதில் தேறிவிடும்.

இன்னொன்று. இந்தப் போர்வைகள் வெளிச்சத்தத்தைத் தடுக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். உள்ளே எழும் ஒலியைத்தான் அவை குடிக்கும். தெருவில் போகும் டிராக்டரை நிறுத்தக் கனமான சுவரும் சந்தில்லாத கதவும் வேண்டும். கதவுக்கு அடியில் ஈரத்துண்டைச் சுருட்டி அடைப்பது, ஜன்னலைத் தாழிட்டு இடுக்கில் துணி செருகுவது, நம்மால் ஆகக்கூடியது அவ்வளவுதான். ஓட்டு வீடு என்றால் அதுவும் பயனில்லை, ஓட்டின் சந்து வழியே ஊரே உள்ளே வரும். மிச்சத்தை நேரம் பார்த்துத்தான் சமாளிக்க வேண்டும்.

## எந்த நேரம்

நான் பதிவு செய்தது ஆடி மாதம். ஆடிக் காற்றில் அம்மியும் நகரும் என்பார்கள், தென்னை மட்டையும் ஜன்னல் கொக்கியும் நகராதா? பகல் முழுக்க ஒரே உய்யென்ற காற்று. சாயங்காலம் அம்மன் கோயில் ஒலிபெருக்கி. இரவு 10 மணிக்கு மேல் காலை 6 வரை பொதுவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன, எங்கள் தெருவில் பத்தேகாலுக்கு அணைத்தார்கள். பத்தரை முதல் பதினொன்றரை வரை எனக்குக் கிடைத்தது.

மற்ற மாதங்களில் கணக்கு மாறும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்த ராத்திரி என்றால் தவளைக் கச்சேரி, அப்போது பகலே மேல். தை, மாசியில் சம்பா அறுவடை இயந்திரம் ராத்திரியிலும் ஓடும். சித்திரை வெயிலில் மதியம் இரண்டு மணிக்கு ஊரே படுத்துவிடும், அது அருமையான நேரம், ஆனால் விசிறி இல்லாமல் கம்பளிக்குள் உட்கார உங்களால் முடிய வேண்டும். இரண்டு நாள் அந்தந்த நேரத்தில் அறையில் ஐந்து நிமிடம் சும்மா பதிவு போட்டு விட்டுக் கேட்டுப் பாருங்கள். காது பழகிப்போய்த் தள்ளிவிடும் சத்தங்களை மைக் தள்ளாது.

வீட்டுக்குள்ளேயும் ஒரு சுற்று வாருங்கள். மின்விசிறி, கடிகார முள், சோக் வைத்த பழைய டியூப்லைட் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் சோக்கும் மின்மாற்றியும் 100 ஹெர்ட்ஸில் முனகும், குரலின் அடித்தொனியோடு கலந்துவிடுவதால் அதைப் பிரித்து எடுப்பது கடினம். இன்வெர்ட்டர் பக்கத்து அறையில் இருந்தாலும் காதை வைத்துக் கேளுங்கள். பிரிட்ஜை அணைத்தால், மறக்காமல் மறுபடி போடுவதற்கு ஒரு வழி: வண்டிச் சாவியை பிரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள்.

கொசு தனிக்கதை. விசிறியை நிறுத்திய மறுநிமிடம் வந்துவிடும், அந்த ரீங்காரம் மைக்குக்கு ஒரு சாண் தூரத்தில் வந்தால் அந்த வரி போச்சு. சுருள் கொளுத்தினால் தொண்டை போச்சு. சாயங்காலம் ஐந்து மணிக்கே அறையை அடைத்து, மட்டை வைத்து ஒரு வேட்டை ஆடிவிட்டு, பதிவு வரை கதவைத் திறக்காமல் இருப்பதுதான் எனக்குப் பலித்தது.

## முழத்திலிருந்து சாணுக்கு

போர்வை எல்லாம் கட்டி முடித்தபின் மீதியைத் தீர்மானிப்பது போனுக்கும் வாய்க்கும் உள்ள தூரம். ஒரு முழம் தள்ளியிருக்கும் போனை ஒரு சாணுக்குக் கொண்டுவந்தால், அதாவது தூரத்தைப் பாதியாக்கினால், நேராக வரும் குரல் 6 டெசிபல் கூடும். சுவரில் பட்டு வருவது ஏறக்குறைய அப்படியே இருக்கும். அதாவது ஒன்றும் செய்யாமல் எதிரொலியையும் இரைச்சலையும் 6 டெசிபல் பின்னுக்குத் தள்ளிவிட்டீர்கள். என் முதல் பதிவில் போன் மேசைமேல், நான் நாற்காலியில், நடுவே இரண்டு முழம். ஒரு சாணுக்கு வந்ததில் மட்டும் 12 டெசிபல் லாபம்.

அதற்காக வாயில் ஒட்டிக்கொண்டு பேசக் கூடாது, மூச்சுக்காற்று மைக்கில் மோதும். தமிழில் ஒரு சௌகரியம், நம் வல்லினங்களில் ஆங்கிலத்தில் இருக்கிற அளவு காற்று பீறிடாது. ஆனாலும் 'பதினெட்டாம் பெருக்கு' என்று அழுத்திச் சொன்னபோதும் 'காப்பரிசி'யின் இரட்டைப் பகரத்திலும் எனக்கு 'புஸ்'ஸென்று ஓர் அடி விழுந்தது. உள்ளங்கையை வாய்க்கு நேரே வைத்து அதே சொல்லைச் சொல்லிப் பாருங்கள், காற்று எந்தப் பாதையில் போகிறது என்று தெரியும். கையை மெதுவாகப் பக்கவாட்டில் நகர்த்துங்கள், காற்று படாத இடம் வரும், குரல் மட்டும் கேட்கும். அங்கேதான் போன் இருக்க வேண்டும். எனக்கு அது வாய்க்கோணத்திலிருந்து நாற்பத்தைந்து பாகை சாய்ந்து, வாயின் உயரத்துக்குச் சற்று மேலே. தாடைக்கு நேர் கீழே வைத்தால் மூக்குக்காற்று விழும்.

பெரும்பாலான போன்களில் பேசும் மைக் கீழ் விளிம்பில், சார்ஜ் போடும் இடத்துக்குப் பக்கத்தில் சின்ன ஓட்டையாக இருக்கும். உறையைக் கழற்றி அந்த ஓட்டையைப் பாருங்கள், சட்டைப்பை அழுக்கு அடைத்திருந்தால் உலர்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள், ஊசியால் குத்தாதீர்கள். போனைக் கையில் பிடிக்க வேண்டாம், விரல் நகர்ந்தால்கூடக் கேட்கும். நான் நாலு தலையணையை அடுக்கி, மேலே சுருட்டிய துண்டின் பள்ளத்தில், மைக் என் பக்கம் பார்க்க வைத்தேன். புளூடூத் இயர்போன் மைக்கில் பதிவு செய்யாதீர்கள், பெரும்பாலும் தொலைபேசியில் பேசுகிற தரத்தில்தான் வரும், 'ச'வும் 'ஸ'வும் ஒன்றுபோல் மழுங்கிவிடும்.

அமைப்பில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். விமானப் பயன்முறையைப் போடுங்கள். வாட்ஸ்அப் குரல் செய்தியாகப் பேசாமல் தனிப் பதிவுச் செயலியைத் திறந்து, வடிவம் WAV, 44.1 அல்லது 48 கிலோஹெர்ட்ஸ், மோனோ என்று வையுங்கள். நிமிடத்துக்கு ஐந்தாறு எம்பி ஆகும், ஆகட்டும். இரைச்சல் நீக்கம், தானியங்கி ஒலியளவு என்று ஏதாவது இருந்தால் அணைத்துவிடுங்கள். தானியங்கி ஒலியளவு நீங்கள் மூச்சு வாங்க நிற்கும்போதெல்லாம் அறையின் இரைச்சலைத் தூக்கிக் காட்டும், அது ஏறி இறங்குவது கேட்பவரை எரிச்சலூட்டும்.

அளவு சரியா என்று பார்க்க, உரையிலேயே நீங்கள் மிகச் சத்தமாகச் சொல்லப்போகும் வரியை முதலில் பதிந்து கேளுங்கள். அளவு காட்டும் செயலி என்றால் உச்சி -12-க்கும் -6 டெசிபலுக்கும் நடுவே நிற்கட்டும். அலையின் தலை வெட்டிவிட்ட வேலி மாதிரித் தட்டையாக இருந்தால் ஒலி உடைந்துவிட்டது, அதைப் பிறகு முழுதாகச் சரிசெய்ய முடியாது. குரலைக் குறைக்காமல் போனைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

## பேசும்போது

எட்டு நிமிடத்துக்கு என் உரை எண்ணூறு சொல்லுக்குக் கொஞ்சம் அதிகம், நான் வாசிக்கும் வேகத்தில் நிமிடத்துக்கு நூறு சொல். காகிதத்தில் வைத்தால் புரட்டும் சத்தம் கேட்கும், அதனால் இன்னொரு போனில் பெரிய எழுத்தில் வைத்து, முகத்துக்கு நேரே போர்வையில் கிளிப் போட்டு மாட்டினேன். கீழே குனிந்து படித்தால் தொண்டை மடங்கிக் குரல் உள்ளே போய்விடும்.

முதல் இருபது நொடி ஒன்றும் பேசாதீர்கள், அசையாமல் உட்காருங்கள், மூச்சையும் மெல்ல விடுங்கள். அந்த வெறும் அறைச் சத்தம் பிறகு தேவைப்படும்.

தவறு வந்தால் பதிவை நிறுத்த வேண்டாம். ஒரு தட்டு கை தட்டிவிட்டு, வாக்கியத்தின் தலையிலிருந்து மறுபடி சொல்லுங்கள். கை தட்டியது அலையில் ஊசி மாதிரி நிற்கும், வெட்டும்போது தேட வேண்டாம். பாதி வாக்கியத்திலிருந்து தொடர்ந்தால் சுருதி ஒட்டாது, ஒட்டுப்போட்டது பளிச்சென்று தெரியும். எனக்கு 'வழிபாட்டுக்குப் பிறகு வாழையிலையில்' என்ற வரியில் ழகரம் நாலு முறை சறுக்கியது. அப்படிப்பட்ட வரியை மல்லுக்கட்டாமல் மாற்றி எழுதிவிடுவது புத்திசாலித்தனம்.

பத்து நிமிடத்துக்கு மேல் ஒரே மூச்சில் உட்கார முடியாது, வியர்த்துக் கொட்டும். எழுந்து போகும் முன் உட்கார்ந்த இடத்தையும் போன் இருந்த இடத்தையும் துணி கிளிப்பால் அடையாளம் வையுங்கள். நாலு விரல் மாறி உட்கார்ந்தால்கூடக் குரலின் நிறம் மாறும். விட்டுப்போன வரிகளை அன்றைக்கே முடித்துவிடுங்கள், மறுநாள் காலைக் குரல் வேறு ஆள் குரல். வாய் உலர்ந்தால் ஒவ்வொரு சொல்லுக்கும் 'ச்' என்று ஒரு சொடுக்கு விழும். வெதுவெதுப்பான தண்ணீரை அரை மணி முன்பிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள், கடைசி நிமிடத்தில் ஒரு சொம்பு குடித்தால் வயிறு பேசும்.

## கணினியில்

ஆடாசிட்டி இலவசம், எனக்கு அதுவே போதும். WAV கோப்பை இழுத்துப் போட்டு, முதலில் தவறுகளை வெட்டுங்கள். வெட்டும்போது வெறும் மௌனத்தைச் செருகாமல் அறைச் சத்தத்தில் ஒரு துண்டை எடுத்து ஒட்டுங்கள். சுத்த மௌனம் திடீரென்று வந்தால் பேச்சு செத்துப்போன மாதிரி இருக்கும்.

பிறகு Effect பட்டியலில் High-Pass Filter எடுத்து 80 ஹெர்ட்ஸ் கொடுங்கள். தூரத்து லாரியும் தரையின் அதிர்வும் இதில் போய்விடும், குரலுக்கு ஒன்றும் ஆகாது. அடுத்து அந்த இருபது நொடி வெறும் சத்தத்தைத் தேர்ந்து Noise Reduction போய் Get Noise Profile அழுத்துங்கள், பிறகு முழுப் பதிவையும் தேர்ந்து மறுபடி அதே இடத்துக்குப் போய் Noise reduction என்ற எண்ணை 6 வைத்துப் பாருங்கள். 8 வரை போகலாம். ஆசைப்பட்டு 20 வைத்தீர்களானால் சொல்லின் ஓரங்களில் தண்ணீருக்குள் மணி அடிக்கிற மாதிரி ஒரு கிணுகிணு கேட்கும், முதலில் இருந்த இரைச்சலே தேவலை என்று ஆகிவிடும். Residue என்பதைத் தேர்ந்து Preview அழுத்தினால் எடுத்தெறியப்போகும் ஒலி மட்டும் கேட்கும். அதில் உங்கள் பேச்சின் துணுக்குகள் காதில் விழுந்தால் அளவு மீறிவிட்டது, குறையுங்கள்.

கடைசியாக Loudness Normalization, காதுக்குப் படும் சராசரிச் சத்தத்தை அளக்கும் LUFS கணக்கில் -16. அதில் அலை உச்சியைத் தாண்டினால் பயப்பட வேண்டாம், ஆடாசிட்டி உள்ளுக்குள் 32-பிட் மிதவை எண்ணில் கணக்கிடுவதால் ஒன்றும் உடையாது. அதன்மேல் Limiter போட்டு -1 டெசிபலில் நிறுத்துங்கள். ஏற்றுமதி செய்வதற்கு முன் இயர்போனில் ஒருமுறை, போனின் ஸ்பீக்கரில் ஒருமுறை கேளுங்கள், பார்ப்பவர்களில் பாதிப் பேர் ஸ்பீக்கரில்தான் கேட்கப்போகிறார்கள்.

என் பதிவில் பேசாத இடத்தின் அளவு திருத்துவதற்கு முன் -52 டெசிபல் காட்டியது, Noise Reduction முடிந்ததும் -60-ஐ ஒட்டி வந்தது. ஐந்தாவது நிமிடத்தில் ஒரு பல்லி சத்தம் போட்டது, சரியாக 'காவிரித்தாய்க்கு' என்ற சொல்லுக்குப் பின்னால். சகுனம் என்று விட்டுவிட்டேன்.

கோப்பை அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் ஆவணமாகச் சேர்த்து அனுப்புங்கள், அப்போதுதான் அது சுருக்கப்படாமல் அப்படியே போகும். நான் அப்படித்தான் அனுப்பினேன். "இப்ப சரி மச்சான், எந்த ஸ்டுடியோ?" என்று காலையில் கேட்டிருந்தான். கட்டில் என்று பதில் போட்டுவிட்டு வெளியே கிளம்பினால் வண்டிச் சாவியைக் காணோம்.